பின்னால் நிற்பவனின் குர்தா

எங்கள் குடும்பத்தில் துணி எடுப்பதில் கெட்டிக்காரி நான்தான். இந்தப் பெயரை எனக்கு யாரும் வைக்கவில்லை, நானே வைத்துக்கொண்டேன். பெரிய தம்பிக்குக் கல்யாணம் முடிவானதும் யாரும் கேட்பதற்கு முன்பே அந்த வேலையை என் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன். அம்மா மட்டும், "எடு, ஆனா கடைக்காரங்ககிட்ட சண்டை போடாதே," என்றாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அவளிடமிருந்துதான் அது எனக்கு வந்தது.

தம்பிகள் இரண்டு பேர். மாப்பிள்ளை பெரியவன். பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. இன்னொருவரின் வாயில் காணாமல் போன பல்லுக்கு, பக்கத்துப் பல்லின் நிறம் பார்த்து, ஜோடிப் பல் செய்வான். ஒன்பது வயதில் முதுகுத்தண்டில் ஒரு நோய் வந்து கால்கள் இரண்டும் நின்றுவிட்டன. அன்று முதல் சக்கர நாற்காலிதான். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடங்கள் ஆகிவிட்டன. அவனும் நாற்காலியும் சேர்ந்துதான் எங்களுக்கு அவன்.

சின்னவனை நாங்கள் நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். ஆறடிக்கு மேல் ஒரு அங்குலம். நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கிறான், தோள்கள் கதவை அடைக்கும். பார்க்க லட்சணமாக இருப்பான் என்று அக்காவாகிய நான் சொல்லக்கூடாது, ஆனால் ஊரே சொல்கிறது. அண்ணனுக்கு நோய் வந்தபோது அவனுக்கு ஐந்து வயது. நாற்காலியின் கைப்பிடி அப்போது அவன் முகத்துக்கு நேராக இருந்தது. தலையால் முட்டித் தள்ளுவான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சினிமா எல்லாவற்றுக்கும் தள்ளினான். பெரியவன் பிறகு தானே ஓட்டப் பழகிவிட்டான். ஆனாலும் கூட்டம் என்று வந்தால் பின்னால் நெட்டை நிற்க வேண்டும். அது பேசி வைத்துக்கொண்டது இல்லை, அப்படியே ஆகிவிட்டது.

நிச்சயதார்த்தத்தில் நடந்ததைச் சொன்னால்தான் மற்றது புரியும். அன்றைக்கு நெட்டை மயில் கழுத்து நீலத்தில் பளபளக்கும் சட்டை போட்டிருந்தான். நான் எடுத்துக் கொடுத்ததுதான், பழியை வேறு யார்மேலும் போட முடியாது. பெண்வீட்டுக்குத் தூரத்துச் சொந்தமான ஒருவர் நேராக மேடைக்கு வந்தார். பெரியவனின் தலைக்கு மேல் கையை நீட்டி நெட்டையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள் மாப்பிள்ளை! பொண்ணு குடுத்து வச்சவ," என்றார். அதோடு விட்டாரா? குனிந்து பெரியவனின் தோளைத் தட்டி, "தம்பி நிச்சயத்துக்கு நீயும் வந்துட்டியா, சந்தோஷம்," என்றார்.

பெரியவன் சிரித்துச் சமாளித்தான். பெண்ணும், "மாமா, மாப்பிள்ளை இவர்," என்று பட்டென்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் நெட்டையின் முகம் செத்துவிட்டது. அன்று எடுத்த படங்கள் வந்தபோது பார்த்தால், எந்தப் படத்திலும் கண் முதலில் அந்த நீலச் சட்டையில்தான் போய் நின்றது. மாப்பிள்ளையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. நெட்டை எல்லாப் படங்களையும் பார்த்தான். பார்த்து முடித்துவிட்டு, "கல்யாணத்தன்னைக்கு நான் மேடைக்கு வரல. கார் நிறுத்துற இடத்தைப் பாத்துக்கறேன்," என்றான்.

"லூசு மாதிரி பேசாதே," என்றேன்.

"நான் நின்னா அண்ணன் மறைஞ்சு போறான்க்கா. அவன் வாழ்க்கையில ஒரு நாள். அதையும் நான் எடுத்துக்கணுமா?"

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெரியவனோ, தம்பி பின்னால் நிற்காத மேடையில் தான் ஏறப்போவதில்லை என்று இன்னொரு பக்கம் பிடிவாதம். ஒரே வீட்டில் இரண்டு எருமைகள். கடைசியில் நான்தான் நடுவில் புகுந்தேன். மாப்பிள்ளைக்குப் பொருத்தமாக, மாப்பிள்ளையைத் தாண்டிப் போகாத ஒரு குர்தா செட்டை நான் எடுத்துத் தருகிறேன், அது சரியாக வந்தால் நீ நிற்க வேண்டும் என்றேன். "வரலேன்னா?" என்றான் நெட்டை. "வரலேன்னா கார் நிறுத்து," என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை நெட்டையை இழுத்துக்கொண்டு ஆண்களின் கல்யாண உடைகள் விற்கும் கடைக்குப் போனேன். பெரியவனுக்கு அன்று வேலை இருந்தது. அதனால் என்ன, அவனுடைய ஷெர்வானிதான் தைத்துத் தயாராக இருக்கிறதே என்று அதையும் தலைப்பாகையையும் உறையோடு கையில் எடுத்துக்கொண்டேன். யானைத் தந்த நிறத்தில் கனமான பட்டு. நெஞ்சிலும் காலரிலும் மங்கிய தங்க நூலில் கொடி வேலைப்பாடு. உட்கார்ந்தால் மடியில் துணி குவியக்கூடாது என்று முன்பக்க நீளத்தைக் குறைத்து, பின்பக்கம் இடுப்போடு நிறுத்தித் தைக்கச் சொல்லியிருந்தேன். தலைப்பாகை மெரூன். அந்த விஷயத்தில் நான் எதையும் விடவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கடையை நடத்துவது கழுத்தில் அளவு நாடா தொங்கும் ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும். ஷெர்வானியைத் தொட்டுப் பார்த்து, "நல்ல வேலை. மாப்பிள்ளை வரலியா?" என்று கேட்டார்.

"அவனுக்கு வேலை. இது அவன் தம்பிக்கு. கூட நிக்கிறதுக்கு," என்றேன்.

"அப்ப மாப்பிள்ளையை விட ஒரு படி கீழ இருக்கணும். ஷெர்வானி வேணாம், குர்தா போதும். தலைப்பாகை, சால்வை எதுவும் வேணாம். வேலைப்பாடு பாதிக்கும் கீழ. துணி மினுக்கக் கூடாது. சரியா?"

என் மனதில் இருந்ததை அப்படியே சொன்னார். எனக்கு உடனே அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

முதலில் தந்த நிறத்திலேயே ஒன்றைக் காட்டினார். இரண்டு மாப்பிள்ளை வந்த மாதிரி இருக்கும் என்று நானே ஒதுக்கினேன். அடுத்து வெளிர் பழுப்பு. நெட்டை அதைப் பார்த்ததும், "இது போதும்க்கா, இதுதான் எனக்கு," என்று பாய்ந்தான். கடைக்கார அம்மா உதட்டைப் பிதுக்கினார். "இதைப் போட்டு நின்னீங்கன்னா விருந்தாளிங்க உங்ககிட்ட தண்ணி கேப்பாங்க தம்பி." அடங்கி இருப்பது வேறு, அழுது வடிவது வேறு என்று விளக்கினார். பிறகு ஒரு விளக்கொளிக்குக் கீழே இரண்டு துணிகளை வைத்துக் காட்டினார். ஒன்றில் பூ வேலை நிறைய, இன்னொன்று வெறும் வெற்றுத்துணி. வெற்றுத்துணிதான் அடக்கம் என்று நினைத்தேன். அவர் என் போனை வாங்கி வெளிச்சம் அடித்துப் படம் எடுத்தார். வெற்றுத்துணியின் ஊடே சரிகை இழை ஓடியிருக்கிறது, படத்தில் அது தகரக் கூரை மாதிரி எரிந்தது. பூ வேலை அடங்கிக் கிடந்தது. "கண்ணுக்குத் தெரியறது ஒண்ணு, படத்துல விழறது ஒண்ணு," என்றார்.

கடைசியில் வந்தது மெரூன் குர்தா. மாப்பிள்ளையின் உடையில் சிறிதாக இருக்கும் ஒரு நிறத்தை எடுத்துத் தம்பிக்குப் பெரிதாகக் கொடுத்தால் இரண்டு பேரும் ஒரு குடும்பமாகத் தெரிவார்கள், ஆனால் ஒன்றாகத் தெரிய மாட்டார்கள். இதுதான் வழக்கமான கணக்கு. தலைப்பாகையின் மெரூனும் குர்தாவின் மெரூனும் அச்சு ஒன்று. பருத்தியும் பட்டும் கலந்த துணி, மினுக்கம் இல்லை. நெஞ்சின் நடுவில் பட்டன் பட்டியின் இரு ஓரமும் மெல்லிய தங்க நூல், அவ்வளவுதான். நெட்டை போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். நான் பக்கத்தில் ஷெர்வானியை ஹேங்கரோடு அவன் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். தலைப்பாகையை ஹேங்கரின் கொக்கியில் மாட்டினேன். கண்ணாடியில் பார்த்தால் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அவ்வளவு அழகு. ஷெர்வானி பேசியது, குர்தா கேட்டுக்கொண்டிருந்தது.

"எப்படி?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். குர்தாவின் கைகள் மட்டும் நெட்டைக்குக் கொஞ்சம் குட்டை, மடிப்பைப் பிரித்து இறக்க வேண்டும். "வீட்டுல போட்டுப் பாத்துட்டு வாங்க. துணியில கத்தரி படுறதுக்கு முன்னாடின்னா மாத்திக்கலாம்," என்று கடைக்கார அம்மா கட்டிக் கொடுத்தார். மாற்றுவதாவது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஞாயிறு. மதியச் சாப்பாடு முடிந்து, கூடத்தில் நல்ல வெளிச்சம் இருந்தபோது ஒத்திகை வைத்தேன். பெரியவன் ஷெர்வானியும் தலைப்பாகையும் போட்டு வந்தான். அவனைப் பார்த்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். நெட்டை மெரூன் குர்தாவில் வந்து, வழக்கம்போல, நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றான். நான் எதிரே போய்ப் போனை உயர்த்தினேன்.

உயர்த்தியபடியே நின்றேன்.

பெரியவனின் தலைப்பாகையைக் காணவில்லை. நெட்டையின் வயிறுதான் இருந்தது. மெரூன் துணியில் மெரூன் தலைப்பாகை முழுசாகக் கரைந்துபோய், நெற்றிக்கு மேல் ஒன்றுமே இல்லாமல் முகம் மட்டும் ஒட்டவைத்த மாதிரி தெரிந்தது. போதாததற்கு நெஞ்சிலிருந்து இறங்கி வந்த தங்க நூல் பட்டி, வரிசையாகப் பட்டன்களோடு, சரியாகப் பெரியவனின் உச்சந்தலையில் வந்து முடிந்தது. தலையில் கொம்பு முளைத்திருந்தது.

"என்னக்கா, எடு," என்றான் பெரியவன்.

எடுத்தேன். போனைக் கொண்டுபோய் அவனிடம் கொடுத்தேன். கடையில் ஷெர்வானியைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தது நான்தானே. மாப்பிள்ளை நிற்பான் என்று நினைத்து எடுத்திருக்கிறேன்! ஷெர்வானி தைக்கும்போது நினைவில் இருந்த நாற்காலி, குர்தா எடுக்கும்போது எங்கே போயிற்று? கூடவே வந்த நெட்டைக்கும் தோன்றவில்லையே. இருபத்தைந்து வருடம் அதைத் தள்ளியவன் அவன்.

பெரியவன் படத்தைப் பார்த்தான். பெரிதாக்கிப் பார்த்தான். தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறானோ என்று நான் பதறிப்போய்க் குனிந்தால், சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை அவனிடம் நான் பார்த்ததில்லை. மூச்சு வாங்கி, தலைப்பாகை சரிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"நான் உக்காந்திருப்பேன்னு ரெண்டு பேருக்குமே மறந்துபோச்சா?" என்றான்.

"மன்னிச்சுக்கோடா," என்றேன். "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"ஏன்க்கா? எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்குன்னு உனக்குத் தெரியுமா? தெருவுல போறவன் எல்லாம் முதல்ல சேரைத்தான் பார்க்கறான். அப்புறம்தான் நான். என் அக்காவும் தம்பியும் கடையில நின்னு என்னை நினைச்சிருக்கீங்க, சேர் ஞாபகத்துக்கே வரல. இந்தப் படத்தை நான் சட்டம் போட்டு மாட்டுவேன்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். திட்டு வாங்கத் தயாராக இருந்தவளுக்கு நன்றி கிடைத்தால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஆனால் நெட்டை சிரிக்கவில்லை. போனை வாங்கிப் பார்த்தான். "பாத்தியா? என்ன போட்டாலும் நான் பின்னாடி நின்னா உன்னை முழுங்கிடறேன். அக்கா வாக்குக் குடுத்திருக்கா. நான் கார் நிறுத்தறேன்," என்று குர்தாவைக் கழற்ற ஆரம்பித்தான்.

பெரியவனின் சிரிப்பு நின்றது. "நாளைக்கு நான் லீவு போடறேன். மூணு பேரும் கடைக்குப் போறோம். நானும் பாக்கறேன், எந்தத் துணி என்னை முழுங்குதுன்னு," என்றான்.

திங்கட்கிழமை காலை கடையில் கூட்டம் இல்லை. வாசலில் இருந்த ஒற்றைப் படியில் நெட்டை நாற்காலியைப் பின்பக்கமாகச் சாய்த்து ஒரே இழுப்பில் ஏற்றிவிட்டான். கடைக்கார அம்மா பெரியவனைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், மெரூன் குர்தாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா," என்றார்.

"எனக்கே ஞாபகம் இல்ல," என்றேன். அவர் ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் நிறம் பார்க்க ஷட்டர் பக்கத்து விளக்குகளை அணைத்தார்.

அதன் பிறகு அவர் வேலை செய்த விதத்தைப் பார்க்க வேண்டுமே! நாற்காலியை வாசல் வெளிச்சம் முகத்தில் விழும்படி திருப்பச் சொன்னார். பெரியவனைத் தலைப்பாகை வைத்துக்கொள்ளச் சொன்னார், நாங்கள் கொண்டுவந்திருந்த ஷெர்வானியைத் தோளில் போர்த்திவிட்டார். நெட்டையைப் பின்னால் நிறுத்தி, கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னார். பிறகு ஒரு குட்டை ஸ்டூலை எடுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். "படம் எடுக்கிறவர் மாப்பிள்ளையோட கண் உயரத்துக்குக் குனிஞ்சுதான் எடுப்பாரு. அங்கிருந்து பாக்கணும்," என்றார். அளவு நாடாவை நீட்டிப் பார்த்தார். பெரியவனின் தாடையிலிருந்து தலைப்பாகை உச்சி வரை, பின்னால் நெட்டைக்கு அது தொப்புளுக்குச் சற்று மேலிருந்து நெஞ்சு வரை. "இந்த இடம் இனிமே தம்பியோடது இல்ல. மாப்பிள்ளை முகத்துக்குப் பின்னாடி இருக்கிற சுவரு. முதல்ல சுவருக்கு நிறம் பாப்போம்," என்றார்.

துணிகளை ஒவ்வொன்றாக நெட்டையின் வயிற்றின் குறுக்கே பிடிக்கும் வேலை எனக்கு. வெள்ளை பிடித்தேன். ஷெர்வானியின் தோள் இரண்டும் காணாமல் போயின, முகம் இருட்டியது. கறுப்பு பிடித்தேன். தலைமுடியும் காதோரமும் கரைந்தன. சாம்பல் நீலம் பிடித்தேன், பெரியவனுக்கு நாலு நாள் காய்ச்சல் வந்த மாதிரி ஆகிவிட்டது. மஞ்சளைப் பிடித்ததும் அம்மா, "கீழ வை," என்று அதட்டினார். நானும் வாயை மூடிக்கொண்டு கீழே வைத்தேன். என்னைப் பெற்றவள் இதைப் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

பெரியவன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நிறம் பார்ப்பதுதானே பிழைப்பு. "அந்தப் பச்சையை எடுக்கா," என்றான். "பளிச்சுன்னு இருக்கே அது இல்ல, பக்கத்துல, சாம்பல் கலந்த மாதிரி." எடுத்துப் பிடித்தேன். வேப்பிலையின் அடிப்பக்கம் போல ஒரு மங்கிய பச்சை. மெரூன் தலைப்பாகை அதன்மேல் சட்டென்று எழுந்து நின்றது. தந்த நிறத் தோள்கள் கோடு போட்ட மாதிரி தெரிந்தன. அவன் முகத்தில் ரத்தம் ஓடுவது தெரிந்தது.

"ஆச்சு," என்றார் அம்மா.

அந்தப் பச்சையில் இரண்டு குர்தாக்கள் இருந்தன. இரண்டிலும் பட்டன்கள் மடிப்புக்குள் மறைந்திருக்கும், அதனால் கொம்பு பயம் இல்லை. நெஞ்சும் கைகளும் வெற்றாக இருந்தன. கைப்பிடியைப் பிடிக்கும்போது மணிக்கட்டு மாப்பிள்ளையின் தோளுக்கு இரண்டு பக்கமும் வரும், அங்கேயும் ஒன்றும் மினுங்கக்கூடாது என்று அம்மா சொன்னார். வித்தியாசம் காலரில்தான். ஒன்றின் காலர் வெற்று. இன்னொன்றின் காலரில் மங்கிய தங்க நூலில் நெருக்கமான கொடி, ஷெர்வானியில் இருப்பதற்குத் தம்பி மாதிரி.

நெட்டை வெற்றுக் காலரை எடுத்துக்கொண்டான். "இது போதும். கீழ ரெண்டு அங்குலம் வெட்டிடுங்க, சேரோட பிரேக் கட்டையில மாட்டிக்கும்," என்றான். அதை அவன் யோசித்துச் சொல்லவில்லை, பல் தேய்ப்பதைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான். அம்மா குறித்துக்கொண்டார்.

"இன்னொண்ணைப் போட்டுக் காட்டு," என்றான் பெரியவன்.

"வேணாண்ணே. நான் சுவரு. சுவருக்கு எதுக்குக் காலர்ல பூ?"

பெரியவன் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றித் தம்பியின் பக்கம் திரும்பினான். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது என்று காதைப் பார்த்தே சொல்வேன், சிவந்துவிடும்.

"இங்க பாரு. நான் பல்லு செய்யறவன். பக்கத்துப் பல்லை விட வெளுப்பாச் செஞ்சா பொய்ப்பல்லுன்னு தெரிஞ்சிடும். சரி. அதுக்காக மங்கலாச் செஞ்சா? சொத்தைன்னு நினைப்பாங்க. ரெண்டும் தப்புதான். நீ எனக்காக மங்கிப்போய் நிக்கறது எனக்கு வேணாம்."

"அன்னைக்கு அந்த ஆளு உன் தலைக்கு மேல கையை நீட்டினாருல்ல?"

"நீட்டினாரு. அவருக்குக் கண்ணு சரியில்ல. அதுக்கு நீ ஏன் தண்டனை அனுபவிக்கறே? காலர் என் தலைக்கு எவ்வளவு மேல இருக்கு, பாரு. முதல்ல என்னைப் பாப்பாங்க. அப்புறம் நிமிர்ந்து பாப்பாங்க, இவன் பின்னாடி யாருன்னு. அப்ப அங்க நீ இருக்கணும்டா. நல்லா இருக்கணும். அஞ்சு வயசுல இருந்து என்னைத் தள்ளினவன் யாருன்னு கேட்டா, மேல கையைக் காட்டிச் சொல்றதுக்கு எனக்கு ஒரு முகம் வேணும்."

கடைக்கார அம்மா எதற்கோ பின்னால் திரும்பி, ஏற்கனவே மடித்திருந்த துணியை இன்னொரு முறை மடித்தார். நெட்டை வெற்றுக் காலர் குர்தாவை மேஜைமேல் வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனான். போட்டுக்கொண்டு வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். கீழே பெரியவனின் முகம், தன் தலைப்பாகையோடு, தன் தோள்களோடு. அதற்கு மேலே கொஞ்சம் பச்சை, அமைதியாக. அதற்கும் மேலே ஒரு தங்கக் கீற்று, அதன்மேல் நெட்டையின் முகம். ஒருவரை ஒருவர் மறைக்கவில்லை. ஒரே படத்தில் இரண்டு பேருக்கும் இடம் இருந்தது. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். சண்டை போடாமல் நான் துணி எடுத்து முடித்தது அதுதான் முதல் தடவை.

கல்யாணத்தன்று நெட்டை மேடையில் நின்றான். பெண் நாற்காலியில், பெரியவனின் கண் உயரத்துக்கு உட்கார்ந்திருந்தாள். அது அவளாகவே கேட்டு வாங்கிய நாற்காலி. வந்தவர்கள் எல்லாரும் மாப்பிள்ளையிடம் குனிந்து பேசினார்கள், பிறகு நிமிர்ந்து நெட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் பக்கவாட்டில் நின்று ஒவ்வொருவரின் கண்ணும் எங்கே போகிறது என்று போலீஸ்காரி மாதிரி கவனித்துக்கொண்டிருந்தேன். முதலில் கீழே, பிறகு மேலே. பெரியவன் சொன்னது சொன்னபடி நடந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் கட்டை விரலால் பின்னால் காட்டி, "என் தம்பி," என்றான். எத்தனை தடவை சொன்னான் என்று தெரியாது. ஒரு தடவைகூடக் குரல் இறங்கவில்லை.

எல்லாரும் வந்துபோய்க் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் படம் எடுப்பவர், "தம்பி, நீங்க கொஞ்சம் ஒதுங்குங்க, ஜோடியை மட்டும் எடுத்துக்கறேன்," என்றார். நெட்டை கைப்பிடியை விட்டான். பெரியவன் கையைப் பின்னால் போட்டு அவன் குர்தாவைப் பிடித்துக்கொண்டான். "இன்னும் கொஞ்ச நேரம்," என்றான். பெண்ணும், "இருக்கட்டுமே, அப்புறம் எடுத்துக்கலாம்," என்றாள்.

அப்போதுதான் நான் நெட்டையின் முகத்தைப் பார்த்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். கன்னத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. எதிரே இருந்த யாருக்கும் தெரியவில்லை, எல்லாரும் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவன் திரும்பவில்லை. தலையை மட்டும் மெதுவாகப் பின்னால் சாய்த்து, தலைப்பாகையோடு தம்பியின் வயிற்றில் வைத்துக்கொண்டான். அப்படியே நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

விருந்தாளிகள் போன பிறகு அவனிடம் கேட்டேன். "அவன் அழுதது உனக்குத் தெரியுமாடா?"

"தெரியாம என்ன? என் தலைக்குப் பின்னாடி அவன் வயிறு குலுங்குச்சே."

"பின்ன ஏன் திரும்பிப் பாக்கல?"

"நான் திரும்பினா எல்லாரும் அவனைப் பாப்பாங்கக்கா," என்றான் பெரியவன். "அவன் நிம்மதியா அழட்டும்னு எல்லாரையும் என்னையே பாக்க வச்சிட்டிருந்தேன்."